பக்கவாட்டுப் போட்டோவில் செயின் அகலம் தெரியாது

"எல்லா சைக்கிள் செயினும் ஒரே சைஸ்தான். போட்டோவைக் காட்டி எதை வாங்கினாலும் மாட்டும்."

இப்படிச் சிலர் சொல்றது பாதி சரிங்க. செயின் கண்ணிகளைக் கோர்க்கிற ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல அரை இஞ்ச், அது எல்லாத்திலும் ஒண்ணுதான். மாறுறது அகலம். 8 கியர் செயின் வெளியகலம் சுமார் 7 மி.மீ., 10 கியருக்கு 6-க்கும் கொஞ்சம் குறைவு. என் அண்ணன் 10 கியர் வண்டியில் 8 கியர் செயினை மாட்டினார். பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசிக்கிட்டே ஓடிச்சு.

அதனால பின்சக்கரத்தை நேர் பின்னாலிருந்து படம் எடுத்து, பல்சக்கரம் எத்தனைன்னு எண்ணுங்க, அத்தனை கியர் செயின்தான் வேணும். பழைய செயின் தகட்டைத் துடைச்சா மாடல் எழுத்து இருக்கலாம், அதையும் கிட்டக்க எடுங்க.

புதுச் செயின் உங்க வண்டியோட தேய்ஞ்ச பல்சக்கரத்தில் துள்ளுமா? ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.