3 மில்லிகிராம் டாக்செபின் வெறும் பேருக்கா?

தூக்கமின்மைக்கு 3 மில்லிகிராம் டாக்செபின் தரும்போது சிலர் சொல்வது: “டாக்செபின் மனச்சோர்வு மாத்திரைதானே. 3 மில்லிகிராம் என்பது பேருக்குக் கொடுப்பது, 25 போட்டால்தான் தூக்கம் வரும்.”

முதல் பாதி சரி, அடுத்தது தவறு. மனச்சோர்வுக்குத் தினமும் 75 முதல் 300 வரை போவார்கள். அங்கே மூளை வேதிப்பொருட்களான செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் மீது வேலை நடக்க வேண்டும். 3, 6 மில்லிகிராமில் அது ஏறக்குறைய ஹிஸ்டமின் H1 ஏற்பியை மட்டுமே தடுக்கிறது. விழிப்பைத் தாங்குவது ஹிஸ்டமின் என்பதால் அந்தச் சொட்டளவே போதும். அளவை ஏற்றினால் அசிடைல்கோலினும் தடைபட்டு வாய் வறளும், மலச்சிக்கல் வரும், காலையில் தலை கனக்கும்.

இன்னொருவர் “6 போட்டும் படுத்தவுடன் தூக்கம் வரவில்லை” என்கிறார். அது மருந்தின் தோல்வி அல்ல. இது நடு இரவிலும் விடியற்காலையிலும் விழிப்பவர்களுக்கானது.

சாப்பாட்டு நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் வயிற்றில் இரவு 11க்குப் போட்டால் இரத்தத்தில் உச்சம் சுமார் 2.30க்கு. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் என்றால் அது 5.30 வரை தள்ளிப்போகும்: தூக்கம் வேண்டிய நேரத்தில் விழிப்பு, எழ வேண்டிய நேரத்தில் மயக்கம். ஆகவே சாப்பிட்டு மூன்று மணி நேரம் விட்டு, படுப்பதற்கு அரை மணிக்குள்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொடக்கம் 3தான். சிகிச்சை எடுக்காத குறுகிய கோணக் கண் அழுத்தமோ கடுமையான சிறுநீர் அடைப்போ இருந்தால் இந்தச் சிறு அளவும் கூடாது. இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் அரை ஆயுள் சுமார் 15 மணி நேரம் இருந்தும் பகலில் ஏன் பெரும்பாலும் தூங்க வைப்பதில்லை? காலையில் ஏறும் ஹிஸ்டமின் மருந்தை மீறுகிறது என்பது ஊகம்தான்.