சம்பளம் கூட்டிக் கேட்கும் கடிதம் யார் மேசைக்குப் போகிறது?

ஆஃபர் லெட்டர் வந்ததும் ஹெச்.ஆர். நம்பருக்கு போன் போட்டு "சார், கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தாங்க" என்று கேட்கிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பல வருடங்கள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த போன் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஏனென்றால் சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் அந்த ஹெச்.ஆர். கையில் இல்லை. அவர் பிளான்ட் ஹெட்டிடமும் ஃபைனான்ஸிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்கள் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். உங்களுக்காக அங்கே பேசப்போவது நீங்கள் எழுதும் கடிதம் மட்டும்தான். ஹெச்.ஆர். அதை அப்படியே ஃபார்வர்டு செய்யும்படி இருக்க வேண்டும்.

போன வருடம் என் சித்தப்பா மகளுக்கு உட்கார்ந்து எழுதிக்கொடுத்த கடிதத்தை வைத்தே சொல்கிறேன். கடலூர் முதுநகர்க்காரி. சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஐந்து வருட அனுபவம், ஹெச்.பி.எல்.சி. கருவியில் நல்ல கை. புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வருடத்துக்கு 6,00,000 என்று ஆஃபர் கொடுத்தது. அப்போது அவள் வாங்கியது 4,80,000. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் பிரேக்கப் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். மாதக் கணக்கில் 50,000. அதில் 5,000 வருடக் கடைசியில் மார்க் பார்த்துக் கொடுக்கும் வேரியபிள். கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000. கிராஜுவிட்டிக்கு என்று சுமார் 1,200, இன்சூரன்ஸ் 500. இதெல்லாம் போக மாத மொத்தச் சம்பளம் 40,300. அவள் பங்கு பி.எஃப். 3,000 பிடித்தால் கைக்கு வருவது 37,300. பழைய கம்பெனியில் கைக்கு வந்துகொண்டிருந்தது 34,200. ஆக, காகிதத்தில் 1,20,000 உயர்வு, கையில் மாதம் 3,100.

இதோடு முடியவில்லை. சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் வீட்டுப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகும். சேதராப்பட்டுக்கு முதுநகரிலிருந்து போக வர 70 கிலோமீட்டருக்குக் குறையாது. காலை ஷிஃப்ட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரவும் முடியாது. ஸ்கூட்டியில் போனால் மாதம் 40 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 4,000 ரூபாய். வேலை மாறினால் உண்மையில் நஷ்டம். பிரேக்கப் ஷீட் வாங்காமல் சம்பளம் கூட்டிக் கேட்டு எழுத உட்காராதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். "30 சதவீத ஹைக் வேண்டும்" என்று கேட்டால், அவர்கள் வேரியபிளை ஏற்றிவிட்டு "கொடுத்தாச்சு" என்பார்கள். கேட்க வேண்டியது மாத மொத்தச் சம்பளம், அதுவும் ஒரே ஒரு எண்.

அப்புறம், காரணம். அவள் எழுதிவைத்திருந்த முதல் வரைவில் வீட்டுக்கடன், அப்பா உடம்பு, தம்பி படிப்பு எல்லாம் இருந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் அதை வைத்து ஃபைனான்ஸ்காரர் ஒப்புதல் போட முடியாது, ஆடிட்டில் அவரைக் கேள்வி கேட்பார்கள். எடுத்துவிட்டேன். ஹைதராபாத்தில் இருக்கும் தோழியின் சம்பளத்தையும் சேர்த்திருந்தாள், அதையும் எடுத்தேன். "அது ஹைதராபாத்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். புதுச்சேரி, கடலூர், மறைமலைநகர் வட்டாரத்தில் அதே வேலைக்கு, அதே அனுபவத்துக்கு வந்திருந்த விளம்பரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதோ, இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வதோ வேண்டவே வேண்டாம். மூன்று மாத பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள், அன்றைக்கே சாயம் வெளுத்துவிடும்.

ஆங்கிலத்தில் அனுப்பிய அந்த மெயிலைத் தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் பணிக்கு என்னைத் தேர்வு செய்தமைக்கு நன்றி. தங்கள் நிறுவனத்தில் சேர விரும்புகிறேன். ஒப்புதல் தருவதற்கு முன் சம்பளம் குறித்து ஒரு வேண்டுகோள்.

தாங்கள் அளித்துள்ள மாத மொத்தச் சம்பளம் ரூ. 40,300. இதை ரூ. 46,000 ஆக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே பணிக்கு, இதே அனுபவத்துக்கு, இந்த வட்டாரத்தில் சமீபத்தில் வெளிவந்த மூன்று விளம்பரங்களில் ஆண்டு ஊதியம் ரூ. 6.5 லட்சம் முதல் 7.5 லட்சம் வரை உள்ளது. விவரம் இணைத்துள்ளேன். நான் கேட்பது ஏறக்குறைய 6.75 லட்சம் ஆகும். ஹெச்.பி.எல்.சி. பகுப்பாய்வில் தனியாகப் பணிபுரிந்துள்ளேன். இரண்டு வெளிநாட்டு ஆடிட்டுகளில் ஆய்வகப் பதிவுகளை நேரில் விளக்கியுள்ளேன். அதனால் பயிற்சிக் காலம் வெகுவாகக் குறையும்.

இத்துடன், கன்னியக்கோயிலில் நிறுவனப் பேருந்தில் ஏற அனுமதியும், பெற்றோரைக் குழுக் காப்பீட்டில் சேர்க்கும் வசதியும் (பிரீமியம் என் பொறுப்பு), தற்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தில் குறையும் நாள்களுக்கான தொகையில் உதவியும் வேண்டுகிறேன். நேரிலோ தொலைபேசியிலோ பேசத் தயாராக உள்ளேன்."

கடைசியில் கேட்ட மூன்றையும் யோசித்துத்தான் போட்டோம். பஸ்ஸைக் கடலூர் வரை விடுங்கள் என்று கேட்டிருந்தால் நடக்காது. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு வரி, பர்மிட் என்று அது தனி வேலை. அந்த பஸ் ஏற்கெனவே கிருமாம்பாக்கம் வரை வந்துகொண்டிருந்தது. கன்னியக்கோயில் எல்லைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரிக்குள்தான் இருக்கிறது, அவர்களுக்குச் சில கிலோமீட்டர் டீசல்தான் கூடுதல். இவளுக்கோ பெட்ரோல் செலவில் பெரும்பகுதி மிச்சம். குரூப் இன்சூரன்ஸில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது. சர்க்கரை இருக்கும் அப்பாவுக்குத் தனியாக பாலிசி எடுத்தால் அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

நோட்டீஸ் காலம் முடியும் முன்பே கிளம்பினால் பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய அந்த நோட்டீஸ் தொகையில் ஒரு உள்விவகாரம் இருக்கிறது. மாதச் சம்பளத்தைக் கூட்டத் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஏற்கெனவே அதே ஆய்வகத்தில் இருப்பவர்கள் குறைவாக வாங்கிக்கொண்டிருப்பார்கள், விஷயம் தெரிந்தால் நாளைக்கே நாலு பேர் வந்து நிற்பார்கள். ஒரே ஒரு முறை கொடுக்கும் தொகையில் அந்தத் தலைவலி இல்லை. அதனால் மாதச் சம்பளத்தில் "முடியாது" என்பவர்கள் ஜாயினிங் போனஸுக்கோ நோட்டீஸ் தொகைக்கோ சம்மதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி கூடவே வரும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மாதச் சம்பளம் 43,500, கன்னியக்கோயிலில் பஸ், பெற்றோருக்கு இன்சூரன்ஸ், நோட்டீஸ் தொகையில் பாதி. சரி என்று ஒத்துக்கொண்டோம். திருத்திய ஆஃபர் லெட்டரில் சம்பளம் இருந்தது, பஸ் விஷயம் இல்லை. வாய்ப்பேச்சில் விடாமல், "தாங்கள் தெரிவித்தபடி கன்னியக்கோயிலில் ஏறிக்கொள்கிறேன்" என்று ஒரு மெயில் போட்டு அதற்கு ஒப்புதல் பதில் வாங்கச் சொன்னேன். அது வந்த பிறகுதான் பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்தாள்.