மழைக்குக் காத்திருக்காத காடு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. பங்குனி மாதத்தில், கடைசி மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். புல் காய்ந்து சருகாகியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர் விடும். போன வருடம் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, தாழ்ந்திருந்த ஒரு கொப்பில் காலை ஒன்பது மணிக்குப் பாலித்தீன் பையை மாட்டி, வாயை நூலால் இறுக்கிக் கட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் பையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். சாயங்காலம் அவிழ்த்தபோது மூலையில் ஒரு மடக்கு தேங்கியிருந்தது. அன்று மரத்தைச் சுற்றித் தரை வெடித்துக் கிடந்தது.

அமேசான் காட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு மடக்குத் தண்ணீர்தான். காடும் மழையும் பற்றி நாம் பேசும்போது இரண்டு குரல்கள் கேட்கும். ‘மரம் இருந்தால் மழை வரும்’ என்பது ஒன்று. ‘மழை கடலிலிருந்து வருகிறது, மரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்பது இன்னொன்று. இரண்டாவது ஆட்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமேசானுக்கு வரும் நீர் அட்லாண்டிக் கடலின் நீர்தான். காடு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆனால் அந்த நீர் கரை ஏறிய பிறகு எத்தனை முறை மழையாக விழ வேண்டும், எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும், முக்கியமாக எந்த மாதத்தில் மழை தொடங்க வேண்டும் என்பதில் காட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இது எப்படித் தெரிய வந்தது என்பதே ஒரு நல்ல கதை. பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாத்தியும் அவர் குழுவினரும் 1970களில் அமேசான் நெடுக மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். எல்லாத் தண்ணீரும் ஒரே எடை இல்லை. சில மூலக்கூறுகளில் ஆக்சிஜன்-18 என்ற, எடை கொஞ்சம் கூடிய ஆக்சிஜன் இருக்கும். மேகம் மழையாகப் பெய்யும்போது எடை கூடியவை முந்திக்கொண்டு இறங்கும். ஆகவே கடற்கரை நகரமான பெலேமில் தொடங்கி மேற்கே போகப் போக, பெய்யும் மழை படிப்படியாக எடை குறைந்துகொண்டே போக வேண்டும். கடலிலிருந்து வந்த ஈரம் மட்டுமே பெய்து தீர்கிறது என்றால் அப்படித்தான் நடக்கும்.

அப்படி நடக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே போன பிறகும் மழை எதிர்பார்த்த அளவுக்கு எடை குறையவில்லை. வழியில் யாரோ அந்த எடை கூடிய நீரைத் திரும்ப மேகத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். குளத்திலிருந்தோ ஈர மண்ணிலிருந்தோ ஆவியாகும் நீர் அந்த வேலையைச் செய்யாது. ஆவியாகும்போது எடை கூடியது பின்தங்கிவிடும். மரம் வேறு மாதிரி. வேர் எதை உறிஞ்சுகிறதோ, ஏறக்குறைய அதே கலவையை இலை வெளியே விடுகிறது. அதனால் மழைநீரை வைத்தே ‘இது மரத்தின் வழியாக வந்த நீர்’ என்று சொல்ல முடிந்தது. 1979இல் வெளியான அந்த ஆய்வு, அமேசானின் மழையில் பாதியளவு காடே திருப்பி அனுப்பிய நீர் என்று மதிப்பிட்டது. பின்னால் வந்த கணக்குகள் மொத்தப் படுகைக்கு அதை நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்று குறைத்திருக்கின்றன. கடலிலிருந்து தள்ளியிருக்கும் மேற்கு, தெற்குப் பகுதிகளில் பங்கு அதைவிடக் கூடும்.

அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. அமேசான் காடு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் நீரைக் காற்றில் விடுகிறது. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 35,000 லிட்டர், அதாவது நம் ஊர்த் தண்ணீர் லாரி, 12,000 லிட்டர் பிடிப்பது, மூன்று. ஒவ்வொரு ஹெக்டேரும் தினமும் மூன்று லாரித் தண்ணீரை வானத்துக்கு ஏற்றிவிடுகிறது. மரத்தை வெட்டிப் புல் போட்டாலும் புல்லும் நீரை விடத்தானே செய்யும் என்று கேட்கலாம். விடும். மழைக்காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அருகருகே வைத்து அளந்தபோது, மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக விட்டது. கோடையில் குறைவு ஐந்தில் இரண்டு பங்கு. மேலே சொன்ன கணக்கில் வைத்தால் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு ஒரு லாரிக்கு மேல் நீர் வானத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது, அதுவும் வானம் வறண்டு கிடக்கும் மாதங்களில்.

என் முழு அக்கறையும் இந்தக் கோடைக் குறைவில்தான் இருக்கிறது. ஆண்டுச் சராசரி மழையைப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

காரணம் வேர். பாரா மாநிலத்தின் பராகோமினாஸ் பகுதியில் டேனியல் நெப்ஸ்டாட் குழுவினர் ஆழமாகக் குழி வெட்டிப் பார்த்தபோது, எட்டு மீட்டருக்குக் கீழேயும் உயிருள்ள வேர்கள் இருந்தன. போன மழைக்காலத்து நீர் ஆழத்தில் சேமிப்பாக இருக்கிறது. கோடை வரும்போது மரம் அதை எடுத்துச் செலவழிக்கிறது. அமேசானிலும் பல மரங்கள் கோடையில்தான் புது இலை விடுகின்றன, எங்கள் வேம்பைப் போல. மேகம் விலகி வெயில் நன்றாகக் கிடைக்கும், வேருக்கு நீர் எட்டும், அப்புறம் ஏன் காத்திருக்க வேண்டும்? புல்லின் வேருக்கோ சோயாவின் வேருக்கோ அந்தச் சேமிப்பு எட்டுவதில்லை.

இப்படிக் கோடைக் கடைசியில் இலைகள் வெளியே விடும் ஈரம் என்ன செய்கிறது என்பதுதான் நான் இதுவரை படித்ததிலேயே என்னை அதிகம் அசைத்தது. தெற்கு அமேசானில் மழைக்காலம் அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. பூமத்தியரேகையை ஒட்டிய பெரிய மழைப்பட்டை தெற்கே நகர்ந்து வந்து சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்படியென்றால் மழையை முன்கூட்டியே யார் தொடங்கி வைக்கிறார்கள்? ரோங் ஃபூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து, மழைக்கு முந்தைய வாரங்களில் காற்றிலிருந்த நீராவியின் எடையைப் பார்த்தார்கள். சலாத்தியின் அதே தந்திரம், இந்த முறை வானத்திலிருந்து. அந்த ஆவி கடலின் ஆவியாக இல்லை, இலை விட்ட ஆவியின் அடையாளத்தோடு இருந்தது. 2017இல் அதை வெளியிட்டார்கள்.

நடப்பது இதுதான். இலைகள் வெளியே விடும் ஈரம் முதலில் தாழ்வான சின்ன மேகங்களாகிறது. அவை பெரிதாகப் பெய்வதில்லை. கலைந்து, மேலேயுள்ள வறண்ட காற்றை நனைக்கின்றன. நாள்தோறும் அடுக்கடுக்காக இப்படி நனைந்த பிறகு, ஒரு நாள் மேகம் உயரமாக எழும்பி நிற்க முடிகிறது. பெருமழை இறங்குகிறது. நீராவி மழைத்துளியாகும்போது வெளியாகும் வெப்பம் காற்றை மேலே தூக்குகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே பாய்கிறது. காடு தன் சேமிப்பிலிருந்து முதல் போட்டுக் கடலின் ஈரத்தை வரவழைக்கிறது.

மரத்தை எடுத்துவிட்டால் இந்த முதல் குறைகிறது. மழை தாமதமாகிறது, கோடை நீள்கிறது. 1979க்குப் பிறகான பதிவுகளில் தெற்கு அமேசானின் கோடை பத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் என்ற அளவில் நீண்டிருக்கிறது. பழி முழுவதையும் வெட்டிய மரத்தின் மேல் போட மாட்டேன், கடல் சூடாவதும் பூமி சூடாவதும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நீண்ட கோடை மிச்சமிருக்கும் மரங்களின் ஆழச் சேமிப்பைத் தின்கிறது. தபஜோஸ் தேசியக் காட்டில் ஒரு ஹெக்டேருக்குப் பிளாஸ்டிக் தகடுகளால் கூரை போட்டு, மழைக்காலத்து மழையில் பாதிக்கு மேல் மண்ணில் விழாமல் தடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு வருடம் காடு தாங்கியது. பார்த்தவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. அதன் பிறகு மரங்கள் சாகத் தொடங்கின, அதுவும் பெரிய மரங்கள் முதலில். அதிக நீரை வானுக்கு ஏற்றுபவை அவைதான். அவை போனால் காட்டின் இலைக்கூரை திறந்து வெயில் தரையில் இறங்கும், சருகு காயும், தீ பிடிக்கும். அமேசான் மரத்தின் பட்டை மெல்லியது, தீயைப் பார்த்துப் பழகாதது. வறட்சி மரத்தைக் கொல்லவும், மரம் இல்லாததால் வறட்சி கூடவும், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்கள் உண்டு. ரொண்டோனியாவில் முதலில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் காட்டை வெட்டியபோது, வெட்டிய இடத்தின் மேல் மேகம் கூடியது. அது உண்மை. சூடான வெட்டவெளியில் காற்று எழும்ப, பக்கத்துக் காட்டின் ஈரக்காற்று அங்கே வந்தது. அதாவது பக்கத்தில் காடு இருந்ததால் வந்த மேகம். வெட்டவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானதும் நிலைமை மாறியது. காற்று வரும் பக்கத்தில் கோடை மழை குறைந்து, காற்று போகும் பக்கத்தில் கூடியது என்று 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆரம்பத்தில் கிடைத்த மழையைக் காட்டி ‘பார், வெட்டினாலும் பெய்கிறது’ என்பது, வட்டியோடு முதலையும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே வருமானம் கூடிவிட்டது என்பது போன்றது.

எவ்வளவு காடு போனால் மிச்சக் காடும் மீள முடியாமல் போகும்? அமேசான் ஆய்வாளர்கள் தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018இல் 20 முதல் 25 சதவீதம் என்றார்கள். ஏறத்தாழ 17 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த எண்ணை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. அது நான் மதிக்கும் எச்சரிக்கை, ஆனால் அதை ஒரு கோடாக நினைப்பது தவறு என்பது என் கருத்து. முழுப் படுகைக்கும் ஒரே சதவீதம் சொன்னால் எந்த இடத்துக் காடு போனது என்பது மறைந்துவிடும். ஈரக்காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. கிழக்கில் வெட்டிய ஒரு ஹெக்டேரின் கணக்கு மேற்கேயுள்ள காடுகளின் தலையில் விழும். வெட்டு அதிகம் நடந்திருப்பது கிழக்கிலும் தெற்கிலும்தான். லூசியானா காட்டி குழுவினர் விமானத்திலிருந்து எடுத்த காற்று மாதிரிகளை வைத்து, தென்கிழக்கு அமேசான் உள்ளிழுப்பதைவிட அதிகக் கார்பனை வெளியே விடுகிறது என்று 2021இல் காட்டினார்கள். அங்கே சராசரியைச் சொல்லி ஆறுதல் தேட இடமில்லை. ‘வெட்டியதற்கு ஈடாக வேறெங்கோ கன்று நடுகிறோம்’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கன்றின் வேர் எட்டு மீட்டர் இறங்க எத்தனை கோடை தாண்ட வேண்டும்?

மாத்தோ குரோசோ மாநிலத்து விவசாயிகள் காட்டை அழித்த நிலத்தில் வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். முதல் மழையோடு சோயா விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் அறுத்து, அதே ஈரத்தில் உடனே மக்காச்சோளம் போடுகிறார்கள். அந்த இரண்டாம் போகத்துக்கு நீளமான மழைக்காலம் வேண்டும். மழை இரண்டு வாரம் தள்ளித் தொடங்கினால் சோயா தள்ளிப்போகும், மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிடும். அவர்களுக்கு வேண்டிய அந்த முதல் மழையைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்த மரங்கள் அந்த வயலில்தான் நின்றிருந்தன.