மூன்று திரையும் 4K-உம்: கணக்கில் ஒரு திருத்தம்

"மூன்று 1080p மொனிட்டர் போட்டால் பாரம் 4K-ஐயும் தாண்டும், 4K ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டுகூடத் தாங்காது."

கார்ப் பந்தய விளையாட்டுக்கு மூன்று திரை போடுவது பற்றி இப்படிச் சொன்ன நண்பரே, பெருக்கிப் பாருங்கள்: 5760 × 1080 என்பது ஏறத்தாழ 62 இலட்சம் பிக்சல், 3840 × 2160 என்பது ஏறத்தாழ 83 இலட்சம், அதாவது மூன்று திரையும் சேர்ந்தே 4K-இன் முக்கால் பங்குதான். தம் மூன்று 1440p திரைகளில் கார்டு திணறியதாக இன்னொருவர் சொன்னது வேறு கணக்கு. அவை மூன்றும் சேர்ந்தால் 4K-ஐ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், அவர் அனுபவம் பொய்யல்ல.

ஆனால் பக்கத் திரைகளில் காட்சி இழுபடாதிருக்க விளையாட்டு மூன்று கோணங்களைத் தனித்தனியே வரையும்போது, புரொசசருக்கும் வேலை கூடுகிறது. ஹட்டனில் என் மைத்துனர் கார்டைத்தான் குறைசொன்னார். இருபது கார்கள் ஒன்றாகப் புறப்படும்போது படம் திக்கியது, கார்டின் பயன்பாடோ அறுபது சதவீதத்தில் நின்றது.

நீங்களும் அதே ஓட்டத்தை மூன்று திரைகளிலும் 1280 × 720-க்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை தெளிவாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறாவிட்டால், புதிய கார்டுக்குக் காசு கட்டுமுன் புரொசசரைப் பாருங்கள்.