பையனுக்கு விதையில் திடீர் வலி என்றால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

கூச்சமான விஷயம்தான், ஆனாலும் ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் இதைப் பேசியே ஆகவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் உள்ள பையனுக்கு ஒரு பக்க விதையில் திடீரென்று தாங்கமுடியாத வலி வந்தால், இரவு இரண்டு மணி என்றாலும் அந்த இரண்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட வேண்டும். காலையில் பார்க்கலாம், பின்னேரம் சனல் பண்ணிக் காட்டலாம் என்று விடுகிற வலி இல்லை இது. நான் சத்திரசிகிச்சைப் பிரிவில் தாதிய உத்தியோகத்தராக வேலை பார்க்கிறவன். தியேட்டர் மேசையில் கறுத்துப்போன விதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற எண்ணம் ஒன்றுதான், இந்தப் பிள்ளை விடியற்காலையிலேயே வந்திருக்கலாம்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். விதை ஒரு தண்டில் தொங்குகிறது. இரத்தத்தைக் கொண்டுவருகிற நாடி, திருப்பிக் கொண்டுபோகிற நாளம், விந்துக்குழாய் எல்லாம் அந்தத் தண்டுக்குள்தான் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு விதையின் பின்பக்கம் விதைப்பையின் சுவரோடு ஒட்டியிருக்கும், அதனால் அது சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இல்லை, விதை உறைக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. பருவ வயதில் விதை வேகமாகப் பெருத்துக் கனக்கிறது, தண்டைச் சுற்றியுள்ள தசை குளிரிலோ தூக்கத்திலோ விளையாட்டிலோ அதை மேலே இழுக்கிறது, அந்த இழுப்பில் ஊஞ்சல் கயிறு முறுக்குவதுபோலத் தண்டு முறுக்கிக்கொள்கிறது. அடிபட்டிருக்க வேண்டும் என்றே இல்லை. நல்லாகத் தூங்கிக்கொண்டிருந்த பையன் வலியில் எழும்புவதுதான் நாங்கள் அடிக்கடி கேட்கிற கதை.

முறுக்கினதும் முதலில் அடைபடுவது நாளம், அதன் சுவர் மெல்லியது. இரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை, விதை வீங்குகிறது. வீக்கமும் முறுக்கும் சேர்ந்து நாடியையும் அடைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த விதை இரத்தமில்லாமல் கிடக்கிறது. வலி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பதுக்கு மேல் காப்பாற்றலாம். 12 மணித்தியாலம் ஆனால் ஏறக்குறைய பாதிதான். ஒரு நாள் கடந்துவிட்டால் மிகச் சிலவே மிஞ்சும். ஒரு சுற்று முறுக்கியதற்கும் இரண்டு சுற்று முறுக்கியதற்கும் வித்தியாசம் உண்டு, இறுக்கமாக முறுக்கியது 6 மணித்தியாலத்துக்கு முன்பே செத்துவிடும், தளர்வாக இருந்தது கொஞ்சம் கூடத் தாங்கும். அதனால்தான் பிந்திவிட்டது, இனி போய் என்ன என்றும் இருக்கக்கூடாது.

ஒரு பையனுடைய கதையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். திருகோணமலைக்கு வெளியே கடலோரக் கிராமம், வயது 15. இரவு இரண்டரை மணிக்கு எழும்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான், இரண்டு தரம் சத்தி எடுத்திருக்கிறான். அம்மா "என்ன மகன், எங்க நோகுது?" என்று கேட்க, "அடிவயிறு அம்மா" என்றிருக்கிறான். முதல் நாள் இரவு கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டவன், அப்படியென்றால் அதுதான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்பா தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தார். அம்மம்மா இஞ்சி போட்டு பிளேன்ரீ கொடுத்தார், பிறகு ஓமத் தண்ணீர், விடிந்ததும் பனடோல். பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் வலி கொஞ்சம் குறைந்து தூங்கிவிட்டான், அம்மாவுக்கு நிம்மதி. பின்னேரம் மாமா வந்தபோதுதான் பையன் காலை அகட்டி நடப்பதைக் கண்டு தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் சிவந்து வீங்கி, தொடவே விடவில்லை. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வைத்தியர் ஒருவருக்கு சனல் பண்ணி, நம்பர் எடுத்து, வரிசையில் இருந்திருக்கிறார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் அனுப்பிவிட்டார். எங்களிடம் வரும்போது இரவு ஒன்பது மணி. பதினெட்டு மணித்தியாலம் கடந்துவிட்டது.

திறந்தபோது தண்டு இரண்டு சுற்று முறுக்கியிருந்தது, விதை நாவற்பழ நிறத்தில் இருந்தது. முறுக்கை எடுத்து, சூடான சேலைன் துணியில் சுற்றிவைத்துக் காத்திருந்தோம். உயிர் இருந்தால் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும், லேசாகக் கீறினால் சிவந்த இரத்தம் கசியும். இரண்டும் இல்லை. எடுத்துவிட வேண்டியதாயிற்று. வெளியே அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார், "வயிறு எண்டுதானே ஐயா சொன்னவன்."

பையன் பொய் சொல்லவில்லை. கரு வளரும்போது விதை உருவாவது வயிற்றுக்குள், பிறகுதான் கீழே இறங்குகிறது, நரம்பு வந்த வழி அதுதான். அதனால் விதையின் வலி அடிவயிற்றில்தான் தெரியலாம், சத்தியும் அதனால்தான் வருகிறது. அதோடு வெட்கமும் சேர்ந்தால் கீழே நோகுது என்ற சொல் பையனின் வாயில் வரவே வராது. ஆகவே கேட்க வேண்டியது நாங்கள். பருவப் பையன் திடீர் அடிவயிற்று வலி, சத்தி என்றால், "கீழே நோகுதா, வீக்கம் இருக்குதா" என்று நேராகக் கேளுங்கள். அம்மாவிடம் சொல்லமாட்டான் என்றால் அப்பாவோ மாமாவோ அண்ணனோ கேட்கட்டும், ஆனால் அந்த நேரமே கேட்கட்டும். வைத்தியர்கள் சிலரிலும் எனக்குக் குறை உண்டு. வயிற்றுவலி என்று வந்த பையனை, சட்டையை உயர்த்தி வயிற்றை அமத்திப் பார்த்து வாய்வுக்கு மருந்து கொடுத்து அனுப்பிய சம்பவங்கள் எனக்குத் தெரியும். காற்சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் அந்தப் பரிசோதனை முடிந்ததாகாது.

இன்னொன்று, அந்த அம்மாவுக்கு மத்தியானம் வந்த நிம்மதி. வலி குறைந்தது சுகம் என்று அர்த்தமில்லை. விதை சாகும்போதும் வலி குறையும். வீக்கம் இருக்க வலி மட்டும் இறங்கினால் அது நல்ல செய்தியே இல்லை.

சரி, விதை வலி எல்லாமே முறுக்குத்தானா என்றால், இல்லை. விதையின் மேல்நுனியில் ஒரு சின்னத் தொங்கல் இருக்கும், அது மட்டும் முறுக்கிக்கொள்வது உண்டு, ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரையான பிள்ளைகளில் அதிகம், தோலுக்குக் கீழே நீலப் புள்ளியாகத் தெரியலாம், ஆபத்தில்லை, சில நாளில் தானாக ஆறிவிடும். கிருமித் தொற்று என்றால் வலி ஒன்றிரண்டு நாளாக மெல்ல ஏறும், காய்ச்சல் வரும், சலம் போகும்போது எரியும். கூகைக்கட்டு வந்து சில நாளில் விதை வீங்குவதும் உண்டு. பந்து பட்டால் வரும் வலி பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும், அடங்காவிட்டால் அதையும் முறுக்கு என்றே நினைத்து ஓட வேண்டும். ஆனால் எது எது என்று வீட்டில் இருந்துகொண்டு பிரிக்க முடியாது. முறுக்கிய விதை மற்றதைவிட மேலே ஏறி, குறுக்காகக் கிடக்கலாம். உள்தொடையைத் தடவினால் வழமையாக விதை மேலே துள்ளும், முறுக்கியிருந்தால் பெரும்பாலும் துள்ளாது. இதையெல்லாம் வைத்தியர் பார்ப்பார், அவருக்கே சில நேரம் தெளிவாகத் தெரியாது.

அதனால்தான் ஸ்கேன் பற்றியும் ஒரு சொல். ஸ்கேன் எடுக்காமல் வெட்டுவதா என்று வார்ட் வாசலில் உறவினர்கள் சண்டை பிடிப்பார்கள். இரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன் சந்தேகமான இடத்தில் உதவும். ஆனால் அரைகுறையாக முறுக்கியிருந்தால் இரத்தம் ஓடுவதுபோலவே அது காட்டிவிடலாம், எடுக்கப் போகிற நேரமும் விதையின் நேரம்தான். சத்திரசிகிச்சை நிபுணர் முறுக்கு என்று நினைத்தால் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோவதுதான் சரி. திறந்து பார்த்து முறுக்கு இல்லை என்றால் விதைப்பையில் ஒரு சின்னக் காயம், அது ஆறிவிடும். திறக்காமல் விட்டு முறுக்கு என்று தெரியவந்தால் அதற்கு மாற்று இல்லை. கையெழுத்தைப் போடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் தூரமும் ஒரு பிரச்சினை. புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ ரவுணுக்கு வருவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும், அந்த 6 மணித்தியாலத்தில் இதுவும் அடக்கம். வாகனம் தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிட்ட உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக முடிந்தது என்றால், சத்திரசிகிச்சை செய்கிற இடத்துக்கு உடனே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெளிக்கிடும்போது சாப்பாடு, பால், தேநீர் ஒன்றும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். எண்ணெய் பூசுவது, ஒத்தடம் கொடுப்பது வேண்டாம். இணையத்தில் பார்த்துவிட்டு நீங்களே திருப்பிவிடப் பார்க்காதீர்கள், எல்லாருக்கும் ஒரே பக்கம் முறுக்குவதில்லை. வாசலில் வயிற்றுவலி என்று சொல்லாமல், "மகனுக்கு விதையில வலி, இத்தனை மணிக்குத் தொடங்கினது" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு தகவலும் கேட்டால் உள்ளே இருக்கிறவர்களின் வேகமே வேறு.

நேரத்துக்கு வந்தால் செய்வது பெரிய வேலை இல்லை. விதைப்பையில் சின்ன வெட்டு, முறுக்கை எடுத்து, திரும்பச் சுழலாதபடி உள்ளே தைத்துவிடுவார்கள். மற்றப் பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள், ஒரு பக்கம் ஒட்டு இல்லை என்றால் மறுபக்கமும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். நல்லாக இருக்கிற பக்கத்தில் ஏன் கைவைக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஒன்றை எடுக்க நேர்ந்த பையனுக்கும் மற்றது நல்லாக இருந்தால் மீசை, குரல், உடல் வளர்ச்சி எதுவும் குறையாது, பெரும்பாலும் பிள்ளை பெறுவதிலும் பிரச்சினை வராது. கலியாணப் பேச்சு வரைக்கும் யோசித்து இதை ஊருக்குள் மறைத்து, பையனையும் ஒன்றும் கேட்கவிடாமல் வைத்திருக்கிற குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள், மிஞ்சிய ஒன்றை விளையாடும்போது பாதுகாக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, வந்து போகிற வலி. விதை முறுக்கித் தானாகவே அவிழ்வதும் உண்டு. பையனுக்குத் திடீரென்று கடுமையாக வலித்து, அரை மணித்தியாலத்தில் சட்டென்று நின்றுவிடும், அவனும் யாருக்கும் சொல்லாமல் விளையாடப் போய்விடுவான். முழுதாக முறுக்கி வருகிற பையன்களிடம் விசாரித்தால், முன்பும் இப்படி ஒருக்கால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அப்படி வந்து போயிருந்தால் வலி இல்லாத நாளிலேயே சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். தேவையென்றால் இரண்டு பக்கத்தையும் நாள் குறித்துத் தைத்துவிடலாம்.