25 பேர் பதிவு மட்டும்தான் தெரியுமா?

“ஃபேஸ்புக் அல்காரிதம் மாறிடுச்சாம். இனி 25 பேர் போடுறது மட்டும்தான் தெரியுமாம். ஒரு கமெண்ட் போட்டா சரியாயிடுமாம். உண்மையா?”

இல்லை. அப்படி ஒரு வரம்பே கிடையாது. ஃபேஸ்புக்கும் இதை மறுத்திருக்கிறது. செய்திகளில் சொல்லும் அல்காரிதம், பதிவுகளை எந்த வரிசையில் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணக்கு.

பாளையங்கோட்டையில் நீங்கள் ஃபேஸ்புக்கைத் திறந்ததும் புதுப் பதிவுகள் திரட்டப்படும். லைக் போடுவீர்களா, கமெண்ட் எழுதுவீர்களா, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கணித்து மதிப்பெண் போடும். முன்பு செய்தவைதான் இதற்கு ஆதாரம். தாமிரபரணி வெள்ள வீடியோக்களை முழுதாகப் பார்ப்பவருக்கு அவை மேலே வரும். அம்பாசமுத்திரத்து அத்தையின் படங்களை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாவிட்டால் அவை கீழே போகும். அத்தையை யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் ஏன் பலர் “எனக்குப் பலித்தது” என்கிறார்கள்? ஒருவர் பதிவில் கமெண்ட் போட்டதும் அவருக்கும் உங்களுக்கும் பழக்கம் உண்டு என்று கணக்கில் ஏறுகிறது, அவர் பதிவுகள் கொஞ்ச நாள் மேலே வருகின்றன. அத்தையின் படத்துக்கு நேராகவே கமெண்ட் போட்டாலும் இதேதான் நடக்கும். புதியது முதலில் வேண்டுமென்றால் மெனுவில் Feeds போய் Friends தொடுங்கள்.