பத்து சதவீதம் என்றார்கள், கணக்குப் போட்டால் இருபத்துமூன்று

"பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வெட்டிக் கொடுங்க என்றால் ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க?" என்று போன வாரம் ஒரு அக்கா கடையில் வைத்தே கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். வெட்டித்தான் கொடுத்தேன். ஆனால் சுளிப்புக்கு என்ன காரணம் என்று அந்தக் கூட்டத்தில் விளக்க முடியவில்லை, அதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். மருந்துக்கடையில் விற்காமல் தேதி முடிந்துபோன மருந்தை நாங்கள் குப்பையில் போடுவதில்லை, எந்த ஏஜென்சியில் வாங்கினோமோ அந்த ஸ்டாக்கிஸ்டுக்கே திருப்பி அனுப்புவோம், அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்புவார், எங்களுக்கு ஒரு கிரெடிட் நோட் வரும். கையில் காசாக வராது. அடுத்து அதே ஏஜென்சியில் சரக்கு எடுக்கும்போது பில்லில் கழித்துக்கொள்வார்கள். வெளியில் இருந்து பார்த்தால் கடைக்காரனுக்கு நஷ்டமே இல்லாத ஏற்பாடு மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள்கூட "உனக்கென்னப்பா, விற்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுவே" என்பார்கள்.

சரி, ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். மூட்டுவலிக்கு எழுதும் ஒரு கூட்டு மாத்திரை, விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாதது. 2023 ஆகஸ்டில் கம்பெனி ரெப் வந்து "டாக்டர் தினமும் எழுதறாரு சார், முப்பதுக்கு மூணு ஃப்ரீ போடுறோம்" என்றார். எழுதிக்கொண்டுதான் இருந்தார், பொய் இல்லை. ஒரு அட்டை எம்.ஆர்.பி. 112 ரூபாய். அப்போது மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம், அதைக் கழித்தால் 100. அதில் கடைக்கு 20 போக எனக்கு அடக்கம் 80, அதன்மேல் வரி 9.60. முப்பது அட்டைக்கு 2400, வரி 288, ஆக 2688 ரூபாய் கட்டினேன், கைக்கு வந்தது 33 அட்டை. அதாவது இலவசத்தையும் சேர்த்துப் பரப்பினால் அட்டைக்கு 81 ரூபாய் 45 காசு.

ஆறேழு மாதத்தில் அந்த டாக்டர் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் வேறு கம்பெனி மாத்திரை எழுதுகிறார். எங்கள் தொழிலில் ஒரு மருந்து சாவது இப்படித்தான். மருந்து அப்படியேதான் இருக்கும், எழுதுகிற கை போய்விடும். சீட்டில் இருக்கிற பெயரை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எக்ஸ்பைரி 06/2025 என்று போட்டிருந்தது. (06/2025 என்றால் ஜூன் கடைசி நாள் வரை நல்லது என்று அர்த்தம், முதல் தேதியோடு முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.) அந்த ஜூன் கடைசியில் அலமாரியில் நின்றது 14 முழு அட்டை, அப்புறம் யாருக்கோ நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்துவிட்டு ஆறு மாத்திரையோடு மீதியான ஒரு துண்டு அட்டை.

இதெல்லாம் எனக்கு எவ்வளவு அடக்கம்? 14 அட்டைக்கு 1140 ரூபாய். துண்டு அட்டைக்கு 49. மொத்தம் 1189.

ஜூலையில் அட்டைப்பெட்டியில் போட்டு, பேட்ச் நம்பரோடு பட்டியல் எழுதி, சலான் வைத்து அனுப்பினேன். பேட்ச் நம்பர் இதில் உயிர். அந்த ஏஜென்சி பில்லில் அந்தப் பேட்ச் இல்லையென்றால் வாங்கமாட்டார்கள், அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கைமாற்றாக வாங்கி வைத்த சரக்கெல்லாம் அதோடு முடிந்தது. கிரெடிட் நோட் டிசம்பரில் வந்தது. ஐந்து மாதம். வந்த தொகை 916 ரூபாய். கீழே ஒரு வரி: ஹேண்ட்லிங் சார்ஜ் 10 சதவீதம்.

1189க்கு 916. இது எப்படிப் பத்து சதவீதம்? உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். துண்டு அட்டையை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை, வெட்டிய அட்டைக்குக் கிரெடிட் கிடையாது, அங்கே 49 போச்சு. அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் இந்த 49 ரூபாய்தான். மீதி 14 அட்டைக்கும் வரியை விட்டுவிட்டு 2400ஐ 33ஆல் வகுத்து அட்டைக்கு 72.73 போட்டிருந்தார்கள், அது 1018. அதில் பத்து சதவீதம் 102 பிடித்தால் 916. ஆக, கண்ணுக்குத் தெரிந்த பிடித்தம் 102, தெரியாமல் போனது வரி 122, துண்டு 49. மொத்தம் 273, என் அடக்கத்தில் 23 சதவீதம். ஆஃபர் இல்லாமல் வாங்கி முழு எம்.ஆர்.பி.க்கு விற்றால்கூட இதே மாத்திரையில் இன்னும் 13 அட்டை ஓடினால்தான் இது திரும்பி வரும். பத்து சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிற கடையென்றால் அதுபோல இரண்டு மடங்குக்கு மேல் விற்க வேண்டும்.

இலவச அட்டையையும் சேர்த்து வகுத்ததில் எனக்குக் குறை இல்லை, அது நேர்மையான கணக்கு. இன்னொரு ஏஜென்சியில் இதைவிட மோசம்: திரும்பி வருகிற அட்டையில் முதலில் மூன்றை "அது ஃப்ரீ சரக்கு" என்று ஒதுக்கிவிட்டு மீதி 11க்குத்தான் கணக்கு. ஏதோ நான் காசு கொடுத்ததையெல்லாம் விற்றுவிட்டு இலவசத்தை மட்டும் பார்த்து எடுத்து வைத்திருந்த மாதிரி.

வரி விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலாவதி மருந்தைத் திருப்புவதற்கென்றே 2018 அக்டோபரில் ஜி.எஸ்.டி. தரப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடைக்காரன் புதிதாக விற்கிற மாதிரி பில் போட்டுத் திருப்பலாம், அல்லது சலானில் அனுப்பி ஸ்டாக்கிஸ்டிடம் கிரெடிட் நோட் வாங்கலாம் என்று இரண்டு வழி. நடைமுறையில் இரண்டாவதுதான் ஓடுகிறது. ஆனால் அதில் வரியையும் சேர்த்துத் திருப்பித் தருவதற்கு ஒரு கெடு உண்டு, சரக்கு வாங்கிய நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. என் பில் 2023 ஆகஸ்ட், எனவே கெடு 2024 நவம்பர் 30. மாத்திரை செத்ததோ 2025 ஜூன். சட்டத்தின் கடிகாரம் மருந்தின் கடிகாரத்தைவிட வேகமாக ஓடுகிறது. கெடு தாண்டினால் வரியில்லாத கிரெடிட் நோட்தான். உள்ளீட்டு வரி எடுக்கிற பெரிய கடைக்கு இது பெரிதாக வலிக்காது, வாங்கும்போதே அந்த வரியைக் கழித்திருப்பார்கள். என்னைப் போலக் காம்பொசிஷனில், அதாவது உள்ளீட்டு வரி எடுக்க முடியாத சின்னக் கடைக்கான வரித் திட்டத்தில் இருக்கிறவனுக்கு வரி என்பது அடக்கத்தோடு ஒட்டிய காசு, போனால் போனதுதான். இதற்கு ஸ்டாக்கிஸ்டைத் திட்டிப் பயனில்லை.

திட்ட வேண்டியது அந்தப் பத்து சதவீதத்தை. ஸ்டாக்கிஸ்டிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, ஹேண்ட்லிங்னு போட்டிருக்கீங்களே, என்ன ஹேண்டில் பண்ணினீங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, எனக்குக் கம்பெனி எழுபத்திரண்டு ரூபாய்க்குத்தான் கொடுத்தான், திருப்பும்போது அதே எழுபத்திரண்டுதான் தருவான், நான் உனக்கு எண்பது போட்டா அந்த எட்டு ரூபாயை எங்க போய் எடுப்பேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் உறைத்தது. விலைக்கட்டுப்பாட்டில் இல்லாத மருந்தில் கடைக்கு 20, ஸ்டாக்கிஸ்டுக்கு 10 என்பது காலங்காலமான வழக்கம். இலவசத்தை ஒதுக்கிவிட்டு ஒரு அட்டையை மட்டும் பாருங்கள்: எனக்கு 80க்குத் தருகிறவர் அவர் பத்து சதவீதத்தைக் கழித்து 72க்கு வாங்குகிறார். எண்பதில் பத்து சதவீதம் பிடித்தாலும் 72. அந்த எண் தற்செயல் இல்லை. பெட்டி தூக்கியதற்கோ பட்டியல் சரிபார்த்ததற்கோ வாங்கும் கூலி அல்ல அது, அந்த விற்பனையில் அவர் பார்த்த லாபம். சரக்கு திரும்பிப் போன பிறகும் லாபம் அவரிடமே நிற்கிறது. எனக்கு வரவேண்டிய 20 ரூபாய் விற்காததால் காற்றில் போனது, அவருடைய 8 ரூபாய் மட்டும் பத்திரம். கம்பெனிக்கும் அதே மருந்து தொடக்கத்திலேயே விற்பனைக் கணக்கில் ஏறியாகிவிட்டது, ரெப்புக்கும் டார்கெட் முடிந்தது.

அண்ணாச்சி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். அவரிடம் இதற்கென்றே ஒரு பையன் வேலை பார்க்கிறான், மாதக்கணக்கில் கம்பெனி பணம் வராது, தேதி முடிந்து இத்தனை மாதத்துக்குள் வரவில்லை என்று சில பெட்டி அப்படியே தள்ளுபடியாகிவிடும். பிடித்தமே இல்லையென்றால் எங்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஆஃபருக்கு ஆசைப்பட்டு அள்ளிப்போடுவோம் என்பதும் உண்மை. நானே முப்பது எடுத்தவன்தானே. அதனால் பிடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நானாகக் கேட்டு வாங்கியதற்குப் பிடியுங்கள். ஆஃபர் காட்டி நீங்களும் ரெப்பும் தள்ளிவிட்ட சரக்கு திரும்பி வந்தால் அதில் லாபத்தை விட்டுக்கொடுங்கள், இல்லை பாதியாவது விடுங்கள். எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை விற்கும்போதே பில்லில் அச்சடியுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கிரெடிட் நோட்டின் கடைசி வரியில் நான் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அப்புறம், நிஜமாகவே சேவைக் கட்டணம் என்றால் அதற்குத் தனி பில் எங்கே?

இன்னொன்று. அந்தப் பெட்டி கடையில் காத்துக் கிடக்கிற நாட்களில் பயம் எனக்குத்தான். மருந்து விதிகளில் 65(17) என்று ஒன்று இருக்கிறது: தேதி முடிந்த மருந்தை விற்கவும் கூடாது, இருப்பில் வைக்கவும் கூடாது. திருப்பி அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்றால் மட்டும் வைத்திருக்கலாம், அதுவும் விற்பனைச் சரக்கிலிருந்து தனியாக, பெட்டியின் மேல் 'நாட் ஃபார் சேல்' என்று பளிச்சென்று எழுதி. அந்தப் பெட்டியை "அடுத்த வாரம் எடுக்கிறேன்" என்று சேல்ஸ்மேன் மூன்று வாரம் இழுத்தடித்தால், நடுவில் ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் இப்போதெல்லாம் பட்டியலில் சேல்ஸ்மேன் கையெழுத்து வாங்கி ஒரு நகலைப் பெட்டி மேலேயே ஒட்டிவிடுகிறேன்.

மாதம் முதல் தேதி அடுத்த நான்கு மாதத்தில் முடியப்போகிறதை எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து, அட்டை முழுதாக இருக்கும்போதே ஏஜென்சிக்குப் போன் போட்டு "இது எனக்கு ஓடலை, ஓடுகிற கடைக்கு மாத்திவிடுங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். நாலில் ஒன்று நடக்கிறது. அப்படி மாறுகிற சரக்கில் பிடித்தம் கிடையாது.

புது டாக்டர் எழுதுகிற மாத்திரைக்கு நேற்று ரெப் வந்தார். இருபதுக்கு இரண்டு ஃப்ரீ. ஐந்து போதும் என்றேன். "ஐந்துக்கு ஆஃபர் வராதே சார்" என்றார். பரவாயில்லை, எக்ஸ்பைரி ஆனால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று மட்டும் இந்த ஆர்டர் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.